மிட்பாயிண்ட் முறை: படியைப் பாதியாக்கினால் பிழையும் பாதிதான் ஆகிறது. நாலில் ஒன்றாக வேண்டாமா?

மதி_மூன்றாமாண்டு

வணக்கம். தொடக்க மதிப்புக் கணக்கு ஒன்றை மிட்பாயிண்ட் முறையில் படிப்படியாக நகர்த்தி, சரியான விடையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். கணக்கு இதுதான்: `y' = x - y`, `y(0) = 1`, x = 1 வரை போக வேண்டும். இதன் சரியான தீர்வு `y = x - 1 + 2e^(-x)`. அதனால் x = 1-இல் 0.735759 வர வேண்டும்.

எனக்கு வருவது:

```
h      y(1)       பிழை
0.2    0.671562   -0.064197
0.1    0.703847   -0.031912
0.05   0.719873   -0.015886
```

ஆய்லர் முறையில் h = 0.1-க்குப் பிழை -0.038402. அதைவிட இது குறைவு என்பதால் நிரல் சரி என்றுதான் நினைத்தேன். ஆனால் இது இரண்டாம் வரிசை முறை. h-ஐப் பாதியாக்கினால் பிழை நாலில் ஒரு பங்குக்கு வர வேண்டும். எனக்குச் சரிபாதிதான் ஆகிறது. போன வாரம் இதே நிரலில் `y' = -y` போட்டுப் பார்த்தபோது விகிதம் நாலு ஒழுங்காக வந்தது. அதனால்தான் குழப்பம்.

```python
def f(x, y):
    return x - y

def padi(x, y, h):
    k1 = f(x, y)
    k2 = f(x, y + h/2*k1)
    return y + h*k2
```

வெளியே `for i in range(n)` வைத்து `y = padi(i*h, y, h)` என்று கூப்பிடுகிறேன். வேறு எதுவும் இல்லை.

அலைவரிசை

எனக்கும் இதே அனுபவம் உண்டு. மிட்பாயிண்ட் முறையை நம்பக் கூடாது. முதலில் நன்றாகப் போகும், கொஞ்ச தூரம் போனதும் விடை மேலும் கீழும் ஆட ஆரம்பிக்கும். ஒரு படி கூட, ஒரு படி குறைய என்று பல் பல்லாக வரும். h-ஐச் சிறியதாக்கினால் ஆட்டம் தள்ளிப்போகுமே தவிர நிற்காது. `y[n+1] = y[n-1] + 2*h*f(x[n], y[n])` என்று எழுதித்தானே ஓட்டுகிறீர்கள்? ரங்கே-குட்டா நான்காம் வரிசைக்குப் போய்விடுங்கள்.

மதி_மூன்றாமாண்டு

இல்லைங்க அண்ணா, நான் எழுதியது அது இல்லை. முந்தைய புள்ளி எதையும் நான் எடுப்பதில்லை. விடையும் ஆடவில்லை, ஒரே பக்கமாகத்தான் கீழே இருக்கிறது.

சாய்வுக்கோடு

அலைவரிசை சொல்வது இன்னொரு முறை. பெயர் ஒன்றாக இருப்பதால் வரும் குழப்பம் இது. அவர் எழுதியது இரண்டு படி தாண்டிப் போவது. அதில் உண்மையான விடையோடு, குறி மாறி மாறி வரும் பொய் விடை ஒன்றும் ஒட்டிக்கொண்டு வரும். `y' = -y` மாதிரி தேய்ந்து போகும் கணக்கில் உண்மை விடை தேயத் தேய அந்தப் பொய் விடை வளரும். அவர் பார்த்த பல் பல்லான ஆட்டம் அதுதான். மதி எழுதியிருப்பது ஒரே படிக்குள் பாதி தூரம் போய், அங்கே சாய்வைப் பார்த்து, அந்தச் சாய்வோடு முழுப் படியும் எடுப்பது. இதில் அந்த நோய் கிடையாது.

மதி, நிரலைத் திருத்துவதற்கு முன் ஒரு வேலை செய்யம்மா. முதல் படியை மட்டும் தாளில் கையால் போடு. h = 0.1. தொடங்கும் இடம் x = 0, y = 1. அங்கே சாய்வு என்ன, பாதி வழியில் x எவ்வளவு, y எவ்வளவு, அங்கே சாய்வு என்ன, கடைசியில் y எவ்வளவு என்று வரிவரியாக எழுது. பிறகு நிரல் முதல் படிக்கு என்ன தருகிறது என்று பக்கத்தில் எழுது.

மதி_மூன்றாமாண்டு

போட்டேன் மேடம்.

தொடக்கச் சாய்வு 0 - 1 = -1. பாதி வழியில் x = 0.05, y = 1 - 0.05 = 0.95. அங்கே சாய்வு 0.05 - 0.95 = -0.90. ஆக y(0.1) = 1 - 0.09 = 0.91.

நிரல் 0.905 தருகிறது. சரியான விடை 0.909675.

கையால் போட்டது 0.000325 அதிகம், நிரல் 0.004675 குறைவு. நிரலில் நடுச்சாய்வு -0.95 என்று வருகிறது. புரிந்துவிட்டது. நடுப்புள்ளிக்கு y-ஐ நகர்த்தினேன், x-ஐ நகர்த்தவே இல்லை! `f(x + h/2, ...)` என்று இருக்க வேண்டும்.

சாய்வுக்கோடு

அதேதான். `y' = -y`-இல் ஏன் பிடிபடவில்லை என்பதும் இப்போது தெரிந்திருக்கும். அந்தக் கணக்கின் வலது பக்கத்தில் x-ஏ கிடையாது. x-ஐ நகர்த்தினாலும் நகர்த்தாவிட்டாலும் விடை ஒன்றுதான். நான் எந்த நிரலையும் x, y இரண்டும் வலது பக்கத்தில் இருக்கும் கணக்கில் ஓட்டாமல் நம்புவதில்லை.

பாதி மட்டும் குறைந்த காரணத்தையும் பார்த்துவிடு. ஒவ்வொரு படியிலும் சாய்வில் h/2 விட்டுப்போகிறது, அதை h-ஆல் பெருக்குவதால் y-இல் h²/2 விட்டுப்போகிறது. x = 1 வரை 1/h படிகள் இருக்கின்றன. கூட்டினால் h/2 அளவு வரும். இந்தக் கணக்கில் பழைய பிழைகள் போகப் போகத் தேய்வதால் அதில் சுமார் 0.63 பங்குதான் மிஞ்சும். h = 0.1-க்கு ஏறக்குறைய 0.032. உன் அட்டவணையில் இருக்கும் பிழை இதுவேதான். அது h-இன் முதல் அடுக்கில் இருப்பதால் பாதியாகத்தான் குறையும்.

இன்னொன்றும் உன் அட்டவணையிலேயே இருந்தது: குறி. சரியான மிட்பாயிண்ட் இந்தக் கணக்கில் உண்மை விடைக்கு மேலே நிற்க வேண்டும். உன்னுடையது கீழே நின்றது. பிழையைத் தனிமதிப்பாக மாற்றாமல் குறியோடு எழுதியதற்கு நன்றி. பலர் `abs` போட்டு அந்தத் துப்பைத் தொலைத்துவிடுகிறார்கள்.

திருத்தி ஓட்டிவிட்டு இங்கே போடு. கூடவே பிழையை h²-ஆல் வகுத்து ஒரு பத்தி சேர்.

மதி_மூன்றாமாண்டு

```
h       y(1)       பிழை        பிழை/h²
0.2     0.741480   0.005721    0.1430
0.1     0.737082   0.001323    0.1323
0.05    0.736077   0.000318    0.1273
0.025   0.735837   0.0000781   0.1250
```

பிழை நாலில் ஒரு பங்காகக் குறைகிறது! ஆனால் துல்லியமாக 4 இல்லை. 4.32, 4.16, 4.08 என்று வருகிறது. இதிலும் தவறு இருக்கிறதா?

சாய்வுக்கோடு

தவறு இல்லை. கடைசிப் பத்தியைப் பார். 0.1430-இல் தொடங்கி ஒரே எண்ணை நோக்கி இறங்குகிறது. அந்த எண்ணைக் கையாலேயே கண்டுபிடிக்கலாம். இந்தக் கணக்கில் `y - x + 1` என்பதை z என்று வைத்தால், உண்மையில் ஒரு படிக்கு z-ஐ e^(-h) பெருக்கும். மிட்பாயிண்ட் `1 - h + h²/2` என்பதால் பெருக்குகிறது. e^(-h)-ஐ விரித்தால் முதல் மூன்று உறுப்புகள் ஒத்துப்போகும். வித்தியாசம் h³/6-இல் தொடங்கும். 1/h படிகளுக்கு அது h²/6 ஆகும், இறுதி மதிப்பு 2/e-யோடு பெருக்கினால் `h²/(3e)`. 1/(3e) என்பது 0.1226. உன் பத்தி அங்கேதான் போய்க்கொண்டிருக்கிறது. அடுத்த உறுப்பு h³-இல் இருப்பதால் பெரிய h-க்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறது, அவ்வளவுதான். விகிதம் முதல் வரியிலேயே அச்சடித்த மாதிரி 4.00 என்று வந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

குமரன்_பொறியியல்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் கணக்கும் இதேதான், `x + h/2` சரியாகப் போட்டிருக்கிறேன். ஆனால் எனக்கு h = 0.2-இல் பிழை 0.0057, h = 0.1-இல் 0.0313! படியைச் சிறியதாக்கினால் பிழை ஐந்து மடங்கு கூடுகிறது. மதியின் அட்டவணையில் 0.2-க்கு அதே எண்தான், 0.1-க்குத்தான் வேறு. என் வளையம்:

```python
x, y = 0.0, 1.0
while x < 1.0:
    y = padi(x, y, h)
    x = x + h
```

மதி_மூன்றாமாண்டு

அண்ணா, வளையம் முடிந்ததும் x-ஐ அச்சிட்டுப் பாருங்க. எனக்கு இதே மாதிரி இன்னொரு கணக்கில் வந்தது.

குமரன்_பொறியியல்

1.0999999999999999 என்று வருகிறது. ஒரு படி அதிகமாகப் போயிருக்கிறது! 0.1-ஐப் பத்து முறை கூட்டினால் கணினியில் 0.9999999999999999 தானாம். அது 1-ஐவிடச் சிறியது என்பதால் பதினோராவது படியும் எடுத்துவிட்டது. 0.2-ஐ ஐந்து முறை கூட்டும்போது 1.0 சரியாக வந்துவிடுகிறது, அதனால் அங்கே தெரியவில்லை. நான் x = 1.1-இன் y-ஐ x = 1-இன் சரியான விடையோடு ஒப்பிட்டிருக்கிறேன். மூன்று நாளாக முறையைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

சாய்வுக்கோடு

மதி சொன்னது சரி. படிகளின் எண்ணிக்கையை `n = round(1/h)` என்று முழு எண்ணாக முதலிலேயே வைத்துக்கொள்ளுங்கள், x-ஐ `i*h` என்று ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிடுங்கள். ஒப்பிடும்போதும் நிரல் கடைசியாக நின்ற x எதுவோ அதையே சரியான தீர்வில் போடுங்கள், கையால் 1 என்று எழுத வேண்டாம். அப்படிச் செய்திருந்தால் ஒரு படி கூடுதலாகப் போயிருந்தாலும் பிழை 0.0013 அருகில்தான் வந்திருக்கும்.

ட்ரெப்பீசியம்

நல்ல இழை. ஒரு விஷயம் சேர்க்கிறேன். இரண்டாம் வரிசையில் ஹியூன் முறையும் இருக்கிறது: படியின் தொடக்கத்திலும் முடிவிலும் சாய்வைப் பார்த்துச் சராசரி எடுப்பது. ஆனால் எப்போதும் மிட்பாயிண்ட்தான் மேல். அதன் பிழை ஹியூனில் பாதிதான், எதிர்க் குறியோடு. `y' = 3x²`, `y(0) = 0`, h = 0.25 போட்டுப் பாருங்கள். x = 1-இல் மிட்பாயிண்ட் பிழை -0.015625, ஹியூன் பிழை +0.03125. சரியாகப் பாதி.

மதி_மூன்றாமாண்டு

நானும் ஹியூன் எழுதி `y' = x - y`-இல் ஓட்டினேன் சார். ஆனால் பாதி இல்லை, கடைசி இலக்கம் வரை மிட்பாயிண்டின் அதே எண்கள் வருகின்றன. முதலில் ஒரே செயல்பாட்டை இரண்டு முறை கூப்பிட்டுவிட்டேனோ என்று தேடினேன். இல்லை.

சாய்வுக்கோடு

நீ தேடியது நல்லது, ஆனால் எண்கள் சரி. வலது பக்கம் x, y இரண்டிலும் நேர்கோடாக இருக்கும்போது, நடுப்புள்ளியின் சாய்வும் இரு முனைகளின் சராசரியும் ஒன்றேதான். `x - y` அப்படிப்பட்டது. எனவே இந்தக் கணக்கை வைத்து இரண்டில் எது மேல் என்று கேட்கவே முடியாது.

ட்ரெப்பீசியம் சொன்னது அவருடைய எடுத்துக்காட்டுக்கு முழுக்கச் சரி. ஆனால் அந்த எடுத்துக்காட்டில் வலது பக்கத்தில் y இல்லை. அது வெறும் தொகையிடல், அங்கே அந்தப் பாதி என்பது பழைய உண்மை. y வந்தவுடன் இன்னொரு பிழை சேர்கிறது. நடுப்புள்ளிக்குப் போக நாம் பயன்படுத்தும் y-ஏ ஆய்லரால் குத்துமதிப்பாக வந்தது. அந்தப் பிழை இரண்டு முறைகளிலும் ஒரே அளவு. தொகையிடலில் வரும் பிழை இரண்டிலும் எதிரெதிர்க் குறி. ஆக ஒரு முறையில் இரண்டும் கூடும், மற்றதில் கழியும். எதில் எது என்பதைக் கணக்குதான் முடிவு செய்யும்.

`y' = -y²`, `y(0) = 1` எடுங்கள். சரியான தீர்வு 1/(1+x), x = 1-இல் 0.5. h = 0.25, நாலே படி. மிட்பாயிண்ட் 0.508135 தருகிறது, ஹியூன் 0.504562. பிழை 0.0081-க்கு எதிராக 0.0046. இங்கே ஹியூன் தெளிவாக மேல்.

ட்ரெப்பீசியம்

கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன், நீங்கள் சொன்னபடியே வருகிறது. "எப்போதும்" என்று நான் சொன்னது தவறு, திரும்பப் பெறுகிறேன். ஆனால் h-ஐக் குறைத்துக்கொண்டே போனால் மிட்பாயிண்ட் முந்தாதா?

சாய்வுக்கோடு

இந்தக் கணக்கில் முந்தாது. மிகச் சிறிய h-இல் மிட்பாயிண்ட் பிழை ஹியூனைப் போல ஒன்றரை மடங்கில் போய் நிற்கும். இப்போது இருக்கும் 1.8 கொஞ்சம் இறங்கும், ஒன்றுக்குக் கீழே போகாது.

அலைவரிசை

நான் முதலில் கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை. மதி, மன்னிக்கவும். ஆனால் ஒரு சந்தேகம். எங்கள் பாடத்தில் இந்த முறைக்கு "மாடிஃபைட் ஆய்லர்" என்று பெயர். ஹியூனுக்கு "இம்ப்ரூவ்ட் ஆய்லர்". வேறொரு புத்தகத்தில் மாடிஃபைட் என்று ஹியூனைச் சொல்கிறார்கள். தேர்வில் எதை எழுதுவது?

ட்ரெப்பீசியம்

எங்களுக்கு நேர்மாறாகத்தான் சொன்னார்கள். பெயரை மட்டும் எழுதாமல் சூத்திரத்தை முதல் வரியில் எழுதிவிட்டுத் தொடங்குவேன்.

சாய்வுக்கோடு

அவரவர் பாடத்திட்டத்தில் எந்தச் சூத்திரம் இருக்கிறதோ அதுதான். எல்லோருக்கும் பொதுவான பெயர் இல்லை.

தொட்டி_வடிகால்

வேலையில் எனக்கு ஒரு கணக்கு. தொட்டியின் அடியில் துளை, நீர்மட்டம் y. மட்டம் குறையும் வேகம் மட்டத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப. எண்களை எளிதாக்கி `y' = -sqrt(y)`, `y(0) = 1` என்று வைத்தேன். சரியான தீர்வு (1 - t/2)², t = 2-இல் தொட்டி காலி. h = 0.5-இல் மிட்பாயிண்ட்:

```
t     y          சரியானது
0.5   0.566987   0.5625
1.0   0.259278   0.25
1.5   0.077633   0.0625
2.0   0.032979   0
```

அடுத்த படியில் நிரல் நின்றுவிட்டது, `math domain error`. நடுப்புள்ளியில் y எதிர்மறையாகி அதன் வர்க்கமூலம் கேட்கிறது. `sqrt(max(y, 0))` என்று போட்டால் ஓடுகிறது. போதுமா?

சாய்வுக்கோடு

ஓடும். ஆனால் ஓடுவது வேறு, விடை சரியாக இருப்பது வேறு. உங்கள் மூன்றாவது வரியைப் பாருங்கள், 0.0625-க்கு 0.0776. கிட்டத்தட்ட 24 சதவீதம் அதிகம். h-ஐப் பத்தில் ஒன்றாக்கினால் t = 1.5-இல் பிழை நன்றாகக் குறையும். ஆனால் காலியாவதற்கு ஒரு படி முன்னால் என்று பார்த்தால், அந்தச் சதவீதம் குறையவே குறையாது. அங்கே நீர்மட்டமே h²/4-தான், பிழையும் h² அளவில்தான். காலியாகும் இடத்தில் வர்க்கமூலத்தின் சாய்வு முடிவிலிக்குப் போகிறது. நாலில் ஒன்று என்ற வாக்குறுதி, வலது பக்கம் வழுவழுப்பாக இருக்கும் இடத்துக்கு மட்டும்தான்.

உங்களுக்கு வேண்டியது மட்டமா, காலியாகும் நேரமா? மட்டம் என்றால் `u = sqrt(y)` என்று மாற்றுங்கள். u' = -1/2 ஆகிவிடும், ஆய்லரே துல்லியமான விடை தரும்.

தொட்டி_வடிகால்

மாற்றிப் பார்த்தேன், t = 2-இல் சுழியம் துல்லியமாக வந்தது. ஆனால் உண்மைத் தொட்டியில் மேலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டும் இருக்கிறது: `y' = q - sqrt(y)`. u-வுக்கு மாற்றினால் q/(2u) என்று ஒரு உறுப்பு வந்து நிற்கிறது, u சிறியதானால் அது வெடிக்கிறது.

சாய்வுக்கோடு

q மாறாமல் இருந்தால் மட்டம் q²-இல் போய் நிலைக்கும், சுழியம் வரை வராது. அப்போது y-யிலேயே மிட்பாயிண்ட் போதும். q நின்று நின்று வருமா?

தொட்டி_வடிகால்

ஆமாம், மோட்டார் ஓடும்போது மட்டும். தொட்டி அடியோடு வறண்ட பிறகும் திரும்பத் தொடங்கும்.

சாய்வுக்கோடு

மோட்டார் தொடங்கும், நிற்கும் நேரங்களில் படி அந்த நேரத்திலேயே முடியும்படி வெட்டிவைக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு படியின் நடுவில் q மாறி, அந்த ஒரே படியில் h அளவுப் பிழை வந்து உட்காரும். வறண்ட தொட்டியிலிருந்து தொடங்கும் முதல் சில படிகளுக்கு என்ன செய்வது என்பதில் எனக்கு ஒரே முடிவான பதில் இல்லை. அந்த இடத்தில் மட்டும் மிகச் சிறிய படி எடுத்துப் பார்ப்பேன். வேறு யாராவது இப்படிப்பட்ட தொட்டியை ஓட்டியிருந்தால் எழுதுங்கள்.

மதி_மூன்றாமாண்டு

மேடம், மோட்டார் விஷயத்தை என் கணக்கிலேயே சோதித்துப் பார்க்கிறேன். x = 0.53-இல் வலது பக்கம் `x - y`-இலிருந்து `x - y + 1`-க்கு மாறுவதாக வைத்து, h = 0.1-இல் வெட்டாமல் ஒரு முறை, 0.53-இல் வெட்டி ஒரு முறை. இரண்டு பகுதிக்கும் சரியான தீர்வைக் கையால் எழுதிவிட்டேன். பிழை/h² பத்தியோடு இரவு போடுகிறேன்.